அடமானம்: உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்!

*லோன் ஆப் உண்மையானதா, மோசடியா? நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகளும், தவணை நாளில் அது பேசும் பேச்சும் காட்டிக்கொடுத்துவிடும்.*

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் அவர். விடிந்தால் மகளுக்கு டேர்ம் ஃபீஸ் கட்ட வேண்டும், மூவாயிரம் குறைகிறது. சம்பளத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. முதலாளியிடம் போன மாசமே அட்வான்ஸ் வாங்கியாயிற்று. மச்சானிடம் கேட்க மனசு வரவில்லை. பாயில் படுத்தபடி ஃபேஸ்புக்கைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது: ஆதாரும் பான் கார்டும் போதும், ஐந்தே நிமிடத்தில் ஐம்பதாயிரம் வரை.

தொட்டார். ப்ளே ஸ்டோர் திறக்கவில்லை. நேராக ஒரு ஏபிகே ஃபைல் இறங்கியது. ‘தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், ஆபத்தாக இருக்கலாம்’ என்றது போன். பரவாயில்லை என்று தள்ளினார். ஆப் திறந்ததும் வரிசையாகக் கேள்விகள். காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதிக்கவா? அனுமதி. போட்டோக்கள்? அனுமதி. யாருக்குப் பேசினீர்கள் என்ற கால் லாக்? அனுமதி. எஸ்எம்எஸ்? அனுமதி. பத்து விநாடி ஆகியிருக்காது. அதன் பிறகுதான் பெயர், ஆதார், செல்ஃபி எல்லாம். ஐயாயிரம் ரூபாய் ‘சாங்ஷன்’ ஆனது. அக்கவுன்ட்டில் விழுந்தது மூவாயிரம். ஏழு நாளில் ஐயாயிரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது திரை.

ஆறாம் நாள் காலையில் வந்த போன் “சார், நாளைக்கு ட்யூ, இன்னைக்கே கட்டிடுங்க” என்றது. சாயங்காலம் வந்தது “டேய்” என்றது. ராத்திரி வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியல் வந்தது: சித்தப்பா, மச்சினி, மகளின் டீச்சர், பட்டறை முதலாளி என்று அவர் போனில் சேமித்து வைத்திருந்த அதே பெயர்களில், நம்பர்களோடு. ஏழாம் நாள் காலை, கெடு முடியும் முன்பே, முதலாளிக்கு அவருடைய செல்ஃபி போய்விட்டது. கீழே ‘திருடன், இவனைப் பார்த்தால் தகவல் தரவும்’ என்று எழுதியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த லேத் தொழிலாளி ஒரே ஆள் இல்லை. சென்னையிலும் கோவையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் புகார் கொடுத்த பலருக்கு நடந்ததை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். ஊரும் தொகையும் மாறும், வரிசை மாறுவதில்லை.

## எதை நம்பிக் கொடுத்தான்?

கடன் கொடுப்பவர் யாராக இருந்தாலும், பணம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவார். அடகுக் கடைக்காரர் நகையை வாங்கி வைத்துக்கொள்கிறார். வங்கி சம்பளச் சான்றைக் கேட்கிறது. ஒரு பதிவுபெற்ற நிதி நிறுவனம், கையெழுத்தில்லாமல் ஆப் வழியே பத்தாயிரம் கொடுக்கிறதென்றால், அதற்கும் பிடி இருக்கிறது: மாதாமாதம் அக்கவுன்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட், கட்டாவிட்டால் கெடும் கிரெடிட் ஸ்கோர், கடைசியாக நீதிமன்றம்.

மோசடி ஆப்பிடம் இந்த மூன்றும் கிடையாது. கடன் கொடுக்கும் உரிமமே இல்லாததால் கிரெடிட் பீரோவில் உங்கள் பெயரைப் பதிய முடியாது. கோர்ட்டுக்குப் போனால் முதலில் அவர்களையே பிடிப்பார்கள். ஆகவே அவர்கள் பிடித்து வைப்பது உங்கள் மானத்தை. அது இருக்கும் இடம் உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டும் கேலரியும். நிறுவும்போது கேட்கும் அனுமதிகளை வாசித்தாலே வசூலை எப்படி நடத்தப்போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். காண்டாக்ட்ஸைக் கேட்கும் ஆப், பின்னால் காண்டாக்ட்ஸை வைத்துத்தான் வசூலிக்கும். கேலரியைக் கேட்கும் ஆப், கேலரிப் படத்தைத்தான் வெட்டி ஒட்டும்.

ரிசர்வ் வங்கியும் இந்த முடிச்சைத்தான் பிடித்தது. 2020 இறுதியில் கொரோனா வருமான இழப்பின் நடுவே லோன் ஆப் மிரட்டல்களும் தற்கொலைகளும் செய்தியாயின. 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கான விதிகள் வந்தன. அவற்றை ஒன்றுசேர்த்துத் திருத்திய வடிவம் 2025 மே மாதம் வெளியானது.

> பெட்டிச் செய்தி: ஆயிரத்தில் பாதிக்கு மேல்
> ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் இந்திய ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த கடன் ஆப்களைத் தேடியது. 80க்கும் மேற்பட்ட ஆப் ஸ்டோர்களில் சுமார் 1,100 ஆப்கள் கிடைத்தன. அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்று அந்தக் குழு சொன்னது.

## எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

விதி சிக்கலானதல்ல. ஃபைல்களும் போட்டோ, வீடியோக்களும், காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், போன் அழைப்பு வசதிகள் ஆகியவற்றைக் கடன் ஆப் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றை மட்டும், உங்களைச் சேர்க்கும்போது அடையாளம் சரிபார்ப்பதற்காக, ஒரே ஒரு முறை, நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்தால் பயன்படுத்தலாம். செல்ஃபி எடுக்கவும் வீடியோ கேஒய்சி செய்யவும் கேமரா வேண்டும், அதில் தப்பில்லை. அப்போதும் ‘இந்த முறை மட்டும்’ என்ற விருப்பத்தை அழுத்துவதே சரி.

கூகுளும் தன் பக்கம் கதவைச் சாத்தியிருக்கிறது. 2023 மே 31 முதல், ப்ளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையோ போட்டோ, வீடியோக்களையோ துல்லியமான லொகேஷனையோ கேட்கக் கூடாது. முழுக் கடனையும் 60 நாட்களுக்குள் திருப்பிக் கேட்கும் ஆப்புக்கும் அங்கே இடமில்லை. அப்படிப் பார்த்தால் ‘ஏழு நாள் லோன்’ என்பதே ஒரு வாக்குமூலம். அந்த லேத் தொழிலாளியின் போனில் ப்ளே ஸ்டோர் திறக்காமல் நேரடியாக ஃபைல் இறங்கியதற்கும் காரணம் இதுதான். ஸ்டோருக்கு வெளியே வந்தால் கூகுள் விதி எதுவும் கட்டுப்படுத்தாது.

ஆனால் ‘ப்ளே ஸ்டோரில் இருக்கிறது, அதனால் நல்லது’ என்று முடிவுகட்டிவிட முடியாது. கடன் என்ற வார்த்தையே இல்லாமல் கால்குலேட்டராகவோ வரவு செலவு நோட்டாகவோ உள்ளே நுழைந்து, பிறகு வேறு பக்கத்துக்கு இழுத்துப்போகும் ஆப்கள் உண்டு. கூகுள் கண்டுபிடித்து நீக்குவதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறக்கியிருப்பார்கள்.

காண்டாக்ட்ஸ் கேட்பதற்கு ஆப் வழக்கமாகச் சொல்லும் சாக்கு ஒன்று இருக்கிறது: “ரெஃபரன்ஸுக்கு இரண்டு பேர் நம்பர் வேண்டும்.” கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் இரண்டு நம்பர் வேண்டுமானால் இரண்டு நம்பரை டைப் செய்யச் சொன்னால் போதும். டைப் செய்வது கஷ்டம் என்றால், போனின் சொந்தக் காண்டாக்ட்ஸ் திரையைத் திறந்து நீங்கள் தொடும் ஒரே ஒரு பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதற்கு முழு லிஸ்ட்டையும் வாசிக்கும் அனுமதி தேவையே இல்லை. எந்த ஆப் டெவலப்பருக்கும் இது தெரியும். தெரிந்தும் அறுநூறு பேரின் நம்பரைக் கேட்கிறான் என்றால், தேவை ரெஃபரன்ஸ் அல்ல.

எஸ்எம்எஸ் கொஞ்சம் குழப்பமான இடம். இங்கே கறாராகக் கோடு போட முடியாது. சம்பளம் வருகிறதா, மற்ற தவணைகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்க்க, வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்களை வாசிக்கும் பதிவுபெற்ற ஆப்களும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதி காண்டாக்ட், கால் லாக் போல எஸ்எம்எஸ்ஸைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் எஸ்எம்எஸ் வாசிக்கும் அனுமதி என்பது வங்கியிலிருந்து வரும் ஓடிபியையும் வாசிக்கும் அனுமதி. அதே வேலையை அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையில் செய்யலாம். எந்த வங்கிக் கணக்கு, எத்தனை மாத விவரம், எத்தனை நாளைக்கு என்று நீங்கள் சம்மதம் கொடுத்த பிறகு, வங்கியிடமிருந்து நேரடியாகத் தகவல் போகும். அல்லது ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் கொடுக்கலாம். எஸ்எம்எஸ் கேட்கிறது என்பதாலேயே ஆப் மோசடி என்று நாம் சொல்ல மாட்டோம். மறுத்தால் வேறு வழி காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வோம்.

ஒன்றில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லை. கடன் ஆப் ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதியைக் கேட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான வசதி அது. திரையில் உள்ளதை வாசிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும். கடன் கொடுக்க அது எதற்கு?

எளிய சோதனை ஒன்று உண்டு. காண்டாக்ட்ஸ் கேள்வி வந்ததும் ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று அழுத்திப் பாருங்கள். ஒழுங்கான ஆப் அடுத்த திரைக்குப் போகும். மோசடி ஆப் மறுபடி மறுபடி கேட்கும், அல்லது மூடிக்கொள்ளும், அல்லது ‘அனுமதித்தால் அதிகத் தொகை கிடைக்கும்’ என்று ஆசை காட்டும். கேமராவை மறுத்து ஆப் நின்றுபோனால் அது வேறு விஷயம். செல்ஃபி இல்லாமல் கேஒய்சி நடக்காது. காண்டாக்ட்ஸை மறுத்து நின்றுபோனால் அங்கேயே கதை முடிந்தது.

முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு செட்டிங்ஸில் போய் ரத்து செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அனுமதி கிடைத்த சில விநாடிகளில் முழு லிஸ்ட்டும் அவர்கள் சர்வருக்குப் போய்விடும். ஆப்பை நீக்கினாலும் அங்கே இருக்கும் நகல் அழியாது. கடனுக்கு விண்ணப்பிக்காமல் பாதியில் வெளியே வந்தவர்களுக்கும் மிரட்டல் போவது இதனால்தான்.

> பெட்டிச் செய்தி: இறக்கும் முன்பே பார்க்க
> ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தில் ‘About this app’ என்பதைத் தொட்டு, கீழே இறங்கி ‘App permissions’ திறந்தால், அந்த ஆப் கேட்கக்கூடிய எல்லா அனுமதிகளும் தெரியும். ‘Data safety’ என்ற பகுதியை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆப்பை உருவாக்கியவர்கள் தாங்களே எழுதிக் கொடுப்பது. ஏற்கெனவே நிறுவிய ஆப்புக்கு: Settings, Apps, ஆப்பின் பெயர், Permissions.

## மூவாயிரத்துக்கு இரண்டாயிரம் வட்டி

பணம் வந்த விதத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அனுமதிக்கும் வசூலுக்கும் நடுவில் இருக்கும் சாட்சி அது. விதிப்படி பணம் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேரடியாக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். நடுவில் ஆப் கம்பெனியின் கணக்கு வரக் கூடாது. திருப்பிக் கட்டுவதும் அப்படியே. லேத் தொழிலாளியின் பாஸ்புக்கில் அனுப்பியவர் பெயராக இருந்தது, கடனுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனி.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் கிடைத்தது 3,000. ஏழு நாளில் கேட்பது 5,000. கூடுதல் 2,000, அதாவது வாரத்துக்கு 66.67 சதவீதம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,476 சதவீதம். வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பது நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்களின் பழைய வழக்கம். மீட்டர் வட்டிக்காரர்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்.

ஒழுங்கான கடனும் மலிவாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 10,000 ரூபாய், மூன்று மாதம், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி; ஆக 236 ரூபாய் பிடித்துக்கொண்டு 9,764 கையில் வரும். மாதத் தவணை சுமார் 3,468. கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆண்டு வட்டி 24 அல்ல, கிட்டத்தட்ட 39 சதவீதம். இந்த 39தான் ஏபிஆர். இதைக் கடன் எடுக்கும் முன்பே ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற முக்கிய விவரத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் பிறகு வசூலிக்க முடியாது. கடன் வேண்டாம் என்று மனம் மாறினால், அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேற குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும்.

39 சதவீதம் கூடுதல்தான். ஆனாலும் முன்கூட்டியே தெரிகிறது, வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 3,476 என்ற எண் எந்தத் திரையிலும் வரவில்லை.

## தவணை தவறினால் என்ன நடக்க வேண்டும்?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. தெரியாததால்தான் மிரட்டல் எடுபடுகிறது.

பதிவுபெற்ற நிறுவனத்தில் தவணை தவறினால் முதலில் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகும். வங்கி அதற்கு ஒரு கட்டணம் பிடிக்கும். நிறுவனத்திடமிருந்து கடன் கணக்கு எண்ணோடு எஸ்எம்எஸ் வரும். முக்கிய விவரத் தாளில் சொன்ன அளவுக்குத் தாமத அபராதம் ஏறும். சில நாட்களில் கால் சென்டரிலிருந்து போன் வரும். அதுவும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வரக் கூடாது; 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை எழுத்தில் போட்டிருக்கிறது. குடும்பத்தாரையோ நண்பரையோ ரெஃபரன்ஸ் கொடுத்தவரையோ தொந்தரவு செய்வது, பொது இடத்தில் அவமானப்படுத்துவது, மிரட்டல் செய்தி அனுப்புவது எல்லாமே அதே சுற்றறிக்கையில் தடை செய்யப்பட்டவை. வசூல் ஏஜென்ட்டை அனுப்புவதென்றால், அவர் உங்களைத் தொடர்புகொள்ளும் முன்பே அவருடைய விவரத்தை எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ நிறுவனம் அனுப்பியாக வேண்டும்.

அதற்கும் பணியாவிட்டால் கிரெடிட் ஸ்கோர் இறங்கும், வக்கீல் நோட்டீஸ் வரும், வழக்கு போடலாம். கடன் கட்ட முடியாமல் போவது அடிப்படையில் சிவில் விவகாரம். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதற்காக, 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா அமைப்புகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் கிரிமினல் புகார் கொடுக்கவும் நிறுவனத்துக்கு வழி இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதெல்லாம் நோட்டீஸும் நீதிமன்றமுமாகப் போகும் பாதை. ‘ஒரு மணி நேரத்தில் போலீஸ் வீட்டுக்கு வரும்’ என்று வாட்ஸ்ஆப்பில் வாரண்ட் அனுப்புவது அந்தப் பாதையில் எங்கும் இல்லை.

மோசடி ஆப்பின் வசூலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெடுவுக்கு முன்பே போன் ஆரம்பிக்கும். பேசுபவருக்குப் பெயர் இருக்காது, கம்பெனி பெயர் இருக்காது, கேட்டால் கத்துவார். நம்பர் ஒவ்வொரு முறையும் மாறும். சிலது +92, +880 என்று வெளிநாட்டுக் குறியோடு வரும். பணம் கட்டச் சொல்லித் தரும் யுபிஐ முகவரியும் ஒவ்வொரு முறை வேறாக இருக்கும். யுபிஐயில் பின் போடும் முன், யாருக்குப் பணம் போகிறது என்று திரையில் ஒரு பெயர் வருமே, அதைக் கவனியுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால், அது கடனுக்கான வரவு ஆகாது. ஒழுங்கான ஏஜென்ட், தவறிய தவணையை நேரில் ரொக்கமாக வாங்கலாம். ரசீது கொடுப்பார், அன்றே உங்கள் கடன் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய அடையாளம் ‘எக்ஸ்டென்ஷன்’. லேத் தொழிலாளி ஏழாம் நாள் கையைப் பிசைந்தபோது குரல் திடீரென்று இளகியது. “ஐயாயிரம் இல்லையா, சரி சார், ஆயிரத்து ஐநூறு மட்டும் போடுங்க, ஏழு நாள் தள்ளித் தரேன்.” போட்டார். ஏழு நாள் கழித்து பாக்கி எவ்வளவு என்றால் அதே ஐயாயிரம். அந்த ஆயிரத்து ஐநூறு அசலிலும் கழியவில்லை, வட்டியிலும் கழியவில்லை. இரண்டாம் முறை எக்ஸ்டென்ஷன் போட்டதோடு கையில் வாங்கிய மூவாயிரத்தையும் அவர் திருப்பிக் கொடுத்தாயிற்று. கணக்கில் இன்னும் ஐயாயிரம் நின்றது. அதற்குள் கேட்காமலே இன்னொரு ஆப்பிலிருந்து 1,800 ரூபாய் அவர் அக்கவுன்ட்டில் விழுந்தது. அதற்கும் ஒரு கெடு, அதற்கும் ஒரு குரல்.

கட்டி முடித்தால் விட்டுவிடுவார்களா என்று கேட்பவர்களுக்கு: கட்ட வைப்பது அவமானப் பயம். பயந்து கட்டியவர், மறுபடியும் பயப்படுவார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் முழுதாகக் கட்டியவருக்கும் ‘சர்வரில் ஏறவில்லை’ என்று அடுத்த வாரம் போன் வருகிறது.

## உரிமம் இருந்தும் தப்பு செய்தால்?

ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை என்று இந்தத் துறையைப் பிரித்துவிட முடியாது. ‘கேஷ்பீன்’ ஆப் வழியே கடன் கொடுத்த பிசி ஃபைனான்ஷியல் சர்வீசஸ், ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற என்பிஎஃப்சியாகத்தான் இருந்தது. வெளிப்படை இல்லாமல் அநியாய வட்டி வாங்கியதும், கடன் வசூலுக்கு ரிசர்வ் வங்கி, சிபிஐ சின்னங்களை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதும் வெளிவந்து, 2022 பிப்ரவரியில் அதன் பதிவை ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. பதிவு இருப்பது முதல் தகுதிதான். நடத்தைக்குச் சான்றிதழ் அல்ல.

பிறகு எதற்குப் பதிவைப் பார்க்க வேண்டும்? எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதில்தான் இருக்கிறது. பின்னால் பதிவுபெற்ற நிறுவனம் இருந்தால், அதன் குறைதீர் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in வழியே போகலாம், கட்டணம் இல்லை. அங்கே நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனமே இல்லாத ஆப் என்றால் ஆம்புட்ஸ்மேனால் ஒன்றும் செய்ய முடியாது. அது போலீஸ் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

சரிபார்க்க 2025 ஜூலை முதல் ஒரு வழி இருக்கிறது. பதிவுபெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஆப்பின் பெயர் அதில் இல்லை என்றால் மேலே போக வேண்டாம். பெயர் இருந்தாலும் ஒரு படி மிச்சமிருக்கிறது. பட்டியல் நிறுவனங்கள் கொடுத்தபடி வெளியிடப்படுவது. தவிர, உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே திருடி ஒட்டிக்கொள்ளும் போலி ஆப்களும் இருக்கின்றன. அதனால் ஆப் சொல்லும் பெயரை வைத்து நிறுவனத்தைத் தேடுவது போதாது. நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய், அங்கே அவர்கள் வெளியிட்டிருக்கும் தங்கள் ஆப்களின் பட்டியலில் இது இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அங்கிருக்கும் லிங்க்கிலிருந்தே இறக்குங்கள்.

> பெட்டிச் செய்தி: மிரட்டல் ஆரம்பித்துவிட்டால்
> ஆப்பை உடனே நீக்க வேண்டாம். முதலில் ஆப்பின் பெயர், கடன் திரை, மிரட்டல் செய்திகள், வந்த நம்பர்கள், யுபிஐ முகவரிகள், பணம் வந்த, போன வங்கி எண்டிரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். அனுமதிகளை ரத்து செய்துவிட்டுப் பிறகு நீக்கலாம்.
> பணம் பறிபோயிருந்தால் 1930க்கு அழைக்கலாம். புகாரை cybercrime.gov.in தளத்தில் பதியலாம், அருகிலுள்ள சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பணப்பறிப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவும், மிரட்டலுக்கு 351ஆம் பிரிவும் இருக்கின்றன. பதிவில்லாத கடன் நிறுவனங்கள் பற்றி sachet.rbi.org.in தளத்தில் தகவல் கொடுக்கலாம். கடன் வசூலில் கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

## முந்திக்கொள்வது யார்?

போலீஸ் புகார் அவசியம். ஆனால் புகார் கொடுத்த அன்றே போன் நின்றுவிடாது. வெளிநாட்டு நம்பருக்குப் பின்னால் இருப்பவரைத் தேடிப் பிடிக்க நாளாகும். 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப்பிரிவு பெங்களூருவில் இயங்கிய ஒரு லோன் ஆப் கும்பலைப் பிடித்து, இரண்டு சீனர்களையும் சேர்த்துக் கைது செய்தது போன்ற நடவடிக்கைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஏழாம் நாள் காலையில் மிரட்டப்படுபவருக்கு அன்று மதியமே ஒரு வழி வேண்டும்.

அந்த வழி, லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு மிரட்டுபவர்கள் சொல்வதற்கு முன்பே நாம் சொல்லிவிடுவது. ‘என் போன் நம்பர்கள் ஒரு மோசடி ஆப்பில் சிக்கிவிட்டன. என் பெயரில் போட்டோவோ செய்தியோ வந்தால் நம்ப வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம், பிளாக் செய்துவிடுங்கள், முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.’ இரண்டு வரி. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடலாம், ஒவ்வொருவருக்கும் அனுப்பலாம். முதலாளியிடமும் வீட்டாரிடமும் நேரில் சொல்லிவிடுவது நல்லது. கடன் வாங்கியதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் இங்கே பெரிய தடை. ஆனால் லிஸ்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்ட பிறகு, மிரட்டுபவன் கையில் விற்க எதுவும் மிச்சமில்லை. இரண்டு மூன்று நாள் திட்டிவிட்டு, பயப்படும் வேறு ஆளைத் தேடிப் போவது வழக்கம். மார்ஃப் செய்த படம் வரும் என்று மிரட்டப்படும் பெண்களுக்கு இது இன்னும் கடினம் என்பதை மறுக்கவில்லை. cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

கூடவே எக்ஸ்டென்ஷன் பணத்தை நிறுத்த வேண்டும். ‘சிபில் கெட்டுவிடும், ஆயுசுக்கும் லோன் கிடைக்காது’ என்று அடுத்த மிரட்டல் வரும். பதிவில்லாத ஆப் எந்தக் கிரெடிட் பீரோவுக்கும் தகவல் கொடுக்க முடியாது, அதனால் இந்த மிரட்டலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பதிவுபெற்ற நிறுவனத்தில் உங்கள் ஆதாரையும் பானையும் வைத்து யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்பதை மட்டும் சில மாதம் கழித்துப் பார்த்துவிடுவது நல்லது. மோசடி ஆப்பிடம் கொடுத்த அந்த இரண்டு கார்டுகளின் படமும் செல்ஃபியும் இன்னும் அவர்களிடமே இருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்த மாதிரி ஆகும். தெரியாத கடன் ஏதாவது இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு உண்டு.